லோன் ப்ரொப்போசல்ல "அபார வளர்ச்சி" வேண்டாம், "ஒரு நாளைக்கு 30 கிலோ" போதும்

வீட்டுல ஆபீஸ் போற ஒரே ஆள் நீங்கன்னா, இந்த வேலை கண்டிப்பா உங்க தலையில விழும். "பேங்க்ல ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கேக்கறாங்க, நீதான் கம்ப்யூட்டர்ல அழகா டைப் பண்ணுவியே"ன்னு அக்காவோ தம்பியோ வந்து நிப்பாங்க. நீங்களும் ஆபீஸ் பிபிடி பழக்கத்துல "அபரிமிதமான சந்தை வாய்ப்பு", "தரத்தில் சமரசமற்ற நிறுவனம்"னு எழுத ஆரம்பிப்பீங்க. அந்த வரிகளைப் படிக்கிற பேங்க் ஆபீஸர் என்ன பண்றார்ங்கறதை ஒரு உதாரணத்தை வெச்சுப் பார்த்துடலாம்.

உதாரணம்: அக்காவோட மாவுக் கடை

உங்க அக்கா இட்லி, தோசை மாவு அரைச்சு பக்கத்துல இருக்கிற 14 கடைகளுக்குப் போடறாங்கன்னு வெச்சுக்குவோம். இப்போ ஒரு நாளைக்கு 60 கிலோ. கடைக்குக் கொடுக்கிற விலை கிலோ 40 ரூபாய். மாசம் 26 நாள் வேலை. பெரிய கிரைண்டர், ஃப்ரிட்ஜ், பேக்கிங் மெஷின் மூணுக்கும் கொட்டேஷன் வாங்கியாச்சு, மொத்தம் 2 லட்சம். கையில 50,000 இருக்கு. மீதி 1.5 லட்சத்துக்கு முத்ரா லோன் கேக்கணும். 50,000-க்கு மேல 5 லட்சம் வரைக்கும் கேட்டா அது "கிஷோர்" பிரிவுல வரும்.

முதல் டிராஃப்ட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"எங்கள் தயாரிப்புக்கு மக்களிடையே அமோக வரவேற்பு உள்ளது. இக்கடன் கிடைத்தால் விரைவில் மாதம் 5 லட்சம் ரூபாய் விற்பனையை எட்டுவோம்."

படிக்க கம்பீரமாத்தான் இருக்கு. ஆனா ஆபீஸர் கால்குலேட்டரை எடுத்து ரெண்டே ரெண்டு வகுத்தல் போடுவார். 5 லட்சத்தை 26 நாளால வகுத்து, அதை 40 ரூபாயால வகுத்தா, ஒரு நாளைக்கு சுமார் 480 கிலோ. இன்னைக்கு விக்கிறதைப் போல 8 மடங்கு! கூடவே வெச்சிருக்கிற கொட்டேஷன்ல இருக்கிற கிரைண்டரால அவ்வளவு அரைக்க முடியுமா? 14 கடை அவ்வளவு வாங்குமா?

இன்னொரு சிக்கலும் இருக்கு. மாசம் 5 லட்சம்னா வருஷத்துக்கு 60 லட்சம். பொருள் மட்டும் விக்கிறவங்க தமிழ்நாட்டுல வருஷம் 40 லட்சத்தைத் தாண்டினா ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ரிப்போர்ட்ல ஜிஎஸ்டி பத்தி ஒரு வார்த்தை இல்லைன்னா, இந்த 5 லட்சத்தை எழுதினவங்களே நம்பலைன்னு தெரிஞ்சுடும். அதுக்கப்புறம் நீங்க உண்மையா எழுதின 60 கிலோ மேலயும் சந்தேகம் வரும். பெரிசா எழுதறதுல இருக்கிற நிஜமான நஷ்டம் இதுதான்.

ஆபீஸருக்கு என்ன வேணும்?

முத்ரால அடமானம் கிடையாது. அதனால பணம் திரும்ப வருமாங்கிறதுக்கு அவருக்கு இருக்கிற பிடிமானம் கடையோட வரவு செலவு மட்டும்தான். உங்க பேப்பரைப் பார்த்து அவரும் ஒரு குறிப்பு எழுதி, கையெழுத்து போட்டு, ஃபைல்ல வைக்கணும். நாளைக்கு லோன் வாராக்கடன் ஆச்சுன்னா, "எதை வெச்சுக் கொடுத்தீங்க?"ன்னு அவரைத்தான் கேப்பாங்க. "அமோக வரவேற்பு"ங்கிறதை அந்தக் குறிப்புல எழுத முடியாது. "14 கடை, தினம் 60 கிலோ, நோட்டும் ஸ்டேட்மென்ட்டும் பார்த்தேன்"னு எழுத முடியும்.

அதனால ஒவ்வொரு வரியையும் எழுதினதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இதை அவர் எதை வெச்சு சரிபார்ப்பார்? பதில் இல்லைன்னா அந்த வரியை எடுத்துடுங்க.

அதே விஷயம், நேரடியா

"இப்போது தினம் 60 கிலோ, 14 கடைகளுக்கு. மாத விற்பனை 62,400 ரூபாய். இதில் சுமார் 41,000 யுபிஐ மூலம் வங்கிக் கணக்கில் வருகிறது. மீதி ரொக்கம், கடைவாரியாக நோட்டில் உள்ளது. 6 கடைகள் கூடுதலாகத் தினம் 30 கிலோ கேட்கின்றன. இப்போதைய கிரைண்டரில் அரைக்க முடியவில்லை."

இதுல அந்த ரொக்கம் பத்தின வரியைக் கவனிங்க. ஸ்டேட்மென்ட்ல 41,000 தான் தெரியும், நீங்க 62,400-னு சொல்றீங்க. இந்த வித்தியாசத்தை அவர் கண்டுபிடிச்சுக் கேட்டா அது குறை. நீங்களே முன்னாடி சொல்லிட்டா அது விளக்கம்.

அடுத்தது, திருப்பிக் கட்டற கணக்கு. அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாம் போக கிலோவுக்கு 14 ரூபாய் நிக்குதுன்னு வெச்சுக்குவோம். கூடுதல் 30 கிலோவுக்கு மாசம் 10,920 ரூபாய். பகுதி நேர உதவியாளுக்கு 3,000 போனா 7,920. 1.5 லட்சம், 11% வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் 4,910. அதாவது கூடுதல் வருமானம் இஎம்ஐயைப் போல 1.6 மடங்கு. இதையே வருஷக் கணக்கா முறைப்படி போட்டா டிஎஸ்சிஆர்னு பேங்க்ல சொல்வாங்க. 1-க்குக் கீழ போனா வருமானம் தவணைக்குப் பத்தலைன்னு அர்த்தம். அதுக்கு மேல எவ்வளவு இருக்கணும்ங்கிறது பேங்குக்கு பேங்க் மாறும்.

இதோட நிறுத்தாம இன்னொரு வரியும் சேருங்க:

"கூடுதல் விற்பனை 20 கிலோ மட்டுமே ஆனால், மாதம் சுமார் 630 ரூபாய் குறையும். அதை இப்போதைய வருமானத்திலிருந்து கட்டுவோம்."

பலவீனத்தை நாமளே சொல்லலாமான்னு தோணும். ஆனா ஆபீஸர் எப்படியும் விற்பனையைக் குறைச்சுப் போட்டுப் பார்க்கப் போறார். அந்தக் கணக்கை நீங்களே போட்டிருந்தா, தொழில் தெரிஞ்ச ஆள்னு புரிஞ்சுக்குவார்.

அதுக்காக "மாத விற்பனை 93,647 ரூபாய்"னு எழுதாதீங்க. நாளைக்கு நடக்கப் போறதை ஒத்தை ரூபாய் வரைக்கும் யாராலயும் சொல்ல முடியாது. "90 கிலோ × 40 ரூபாய் × 26 நாள் = 93,600"னு கணக்கைக் காட்டுங்க.

இந்தக் கணக்கு உங்களுக்கும்தான்

கூடுதலா எத்தனை கிலோ வித்தா இஎம்ஐயும் உதவியாள் சம்பளமும் சரியாப் போகும்? 4,910-யும் 3,000-யும் கூட்டி, ஒரு கிலோவுக்கு மாசம் நிக்கிற 364 ரூபாயால (14 × 26) வகுங்க. சுமார் 22 கிலோ. கடைகள் கேக்கிறது 30. நடுவுல 8 கிலோ இடம் இருக்கு, தைரியமா வாங்கலாம்.

இப்போ அந்த 5 லட்சம் விற்பனைக் கதையை நம்பி, பேங்க் 5 லட்சம் லோனே கொடுத்துடுச்சுன்னு வைங்க. அதே வட்டி, அதே காலத்துக்கு இஎம்ஐ சுமார் 16,370. அதைக் கட்ட தினம் 53 கிலோ கூடுதலா விக்கணும். கேக்கிற கடைகளோ 30 கிலோவோட நிக்குது. மீதியை அக்கா வீட்டுச் செலவுல இருந்துதான் எடுக்கணும், அதுவும் பத்தலைன்னா உங்க சம்பளத்துல இருந்து. நீங்க ஜாமீன் கையெழுத்தும் போட்டிருந்தா, தவணை தவறும்போது உங்க சிபில் ஸ்கோரும் சேர்ந்து அடிவாங்கும்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கணக்கு எவ்வளவு சுத்தமா இருந்தாலும், பழைய லோன்ல பாக்கி இருந்தா ப்ரொப்போசல் காப்பாத்தாது. அதனால எழுத உக்காரறதுக்கு முன்னாடி அக்காவோட சிபில் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க. அப்புறம் ஆறு மாச ஸ்டேட்மென்ட், கடை நோட்டு, கொட்டேஷன் மூணையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு எழுதுங்க. ரெண்டு பக்கத்துல முடிஞ்சுடும்.

உங்க வீட்டுத் தொழில் வேற மாதிரி இருந்தா, ஒரு நாள் விற்பனை, விலை, செலவு மூணையும் கமெண்ட்ல போடுங்க. ஒண்ணு ரெண்டை எடுத்து வீடியோல கணக்குப் போட்டுக் காட்டறேன்.