சாம்பிள் போன பிறகு எழுதும் மெயில்

திருப்பூரிலிருந்து ஜெர்மனிக்குக் கூரியரில் அனுப்பும் டி-சர்ட் சாம்பிள், தடங்கல் இல்லாவிட்டால் சில நாட்களில் போய்ச் சேர்ந்துவிடும். அதைப் பற்றிய பதில் வரத்தான் வாரக்கணக்கில் ஆகிறது. அந்த இடைவெளியில் சிறிய கம்பெனிகளிலிருந்து போகும் மெயில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "சாம்பிள் கிடைத்ததா? உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்." மரியாதையான மெயில்தான். ஆனால் அதைப் படிக்கும் பையரின் மேஜையில் வங்கதேசம், துருக்கி, சீனா என்று பல ஊர்ப் பார்சல்கள் கிடக்கும். எந்த சாம்பிளைக் கேட்கிறார்கள், அதில் எதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவர்தான் தேட வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மெயிலை மூடிவிடுவார்.

பார்சல் வந்ததா என்பது ஒரு கேள்வி, சாம்பிள் எப்படி இருக்கிறது என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு அளவு எடுக்க வேண்டும், துவைத்துப் பார்க்க வேண்டும், சில சமயம் டிசைனரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். இரண்டையும் ஒரே மெயிலில் கேட்டால், கடினமான கேள்விக்காகச் சுலபமான கேள்வியும் காத்துக் கிடக்கும். அதனால் இரண்டு மெயிலாக, சில நாள் இடைவெளி விட்டு எழுதுவது நல்லது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்களுக்கான வட்டக்கழுத்து டி-சர்ட், சிங்கிள் ஜெர்சி, 180 ஜி.எஸ்.எம், நேவி நிறம், எம் சைஸ். தைத்தது மூன்று. இரண்டு ஹாம்பர்குக்குப் போகின்றன. ஒன்று அனுப்பியவரிடமே இருக்கிறது. இந்த மூன்றாவதைத்தான் கவுன்ட்டர் சாம்பிள் என்பார்கள். திங்கட்கிழமை கூரியர்காரர் எடுத்துப் போகிறார். வெள்ளிக்கிழமை காலை 'டெலிவர்டு' என்று காட்டுகிறது.

இப்போது 'கிடைத்ததா' என்று கேட்டால், ட்ராக்கிங் பக்கத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை என்றுதான் எதிராளி நினைப்பார். பார்த்தால் அதில் கையெழுத்துப் போட்டவர் பெயர் இருக்கும். பெரும்பாலும் அது பையரின் பெயராக இருக்காது. வரவேற்பறையிலோ சரக்கு வாங்கும் அறையிலோ இருப்பவர் வாங்கி வைத்திருப்பார். அங்கிருந்து பையரின் மேஜைக்குப் போகும் அந்த ஒரு மாடிப் பயணத்தில்தான் பல சாம்பிள்கள் காணாமல் போகின்றன. முதல் மெயில் அந்த இடத்தைத் தொட்டு எழுதப்பட வேண்டும். ஆங்கிலத்தில் போகிற அந்த மெயிலின் சாரம் இவ்வளவுதான்: "நேவி வட்டக்கழுத்து டி-சர்ட், ஃபிட் சாம்பிள், எம் சைஸ், இரண்டு பீஸ். வெள்ளிக்கிழமை காலை உங்கள் அலுவலகத்தில் டெலிவரி ஆனதாகக் காட்டுகிறது. கையெழுத்துப் போட்டவர் பெயர் இது. பார்சல் உங்கள் கைக்கு வந்துவிட்டதா?" தலைப்பில் ஸ்டைல் நம்பர், சாம்பிளின் வகை, ஏர்வே பில் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். பையர் பின்னால் தேடுவது இந்த நம்பர்களை வைத்துத்தான். சாம்பிள் அனுப்பிய அன்று போட்ட மெயிலுக்கே தொடர்ச்சியாக இதையும் எழுதிவிட்டால், பழைய விவரமெல்லாம் கீழேயே இருக்கும்.

டெலிவர்டு என்று வராமல் கஸ்டம்ஸில் நிற்பதாகக் காட்டினால் மெயில் வேறு மாதிரி எழுத வேண்டும். பார்சல் நிற்பதற்குப் பெரும்பாலும் நம் இன்வாய்ஸே காரணமாக இருக்கும். 'சாம்பிள்தானே, விலை இல்லை' என்று மதிப்பில் பூஜ்யம் போட்டிருப்பார்கள். விற்பனைக்கு அல்ல என்று எழுதலாம்; ஆனால் சுங்கத்துக்கு ஒரு மதிப்பு காட்டியே ஆக வேண்டும். அல்லது 'கார்மென்ட் சாம்பிள்' என்று மொட்டையாக எழுதியிருப்பார்கள். 'ஆண்கள் டி-சர்ட், பின்னலாடை, 100 சதவீதம் பருத்தி' என்று இருந்திருக்க வேண்டும். இன்னொரு காரணம், வாங்குபவரின் ஈ.ஓ.ஆர்.ஐ எண், ஐரோப்பிய ஒன்றியத்தில் இறக்குமதி செய்யும் நிறுவனங்களுக்கான சுங்கப் பதிவு எண் அது. கூரியர் அலுவலகம் அதைக் கேட்டு பையர் கம்பெனியின் பொது நம்பருக்குப் பேசியிருக்கும்; எடுத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்காது. அப்போது மெயிலில், திருத்திய இன்வாய்ஸை கூரியருக்குக் கொடுத்துவிட்டோம், உங்களிடம் இந்த எண்ணைக் கேட்பார்கள், வரி வந்தால் எங்கள் கணக்கில் போகும் என்று எழுத வேண்டும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இலவச சாம்பிளுக்கு வரி கட்டச் சொன்னால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுகிற பையர்கள் உண்டு.

பார்சல் கைக்கு வந்துவிட்டது என்று பதில் வந்த பிறகு, நான்கைந்து வேலை நாள் விட்டு இரண்டாவது மெயில். 'கருத்து சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்று பொதுவாகத்தான் பதில் வரும். அதை வைத்து நூல் ஆர்டர் போட முடியாது. அடுத்த வேலை எதற்காக நிற்கிறதோ அதைக் கேட்க வேண்டும். நம் உதாரணத்தில் மூன்று கேள்வி போதும். மார்பு அகலமும் உடல் நீளமும் உங்கள் அளவுப் பட்டியலோடு ஒத்துப்போகிறதா? கழுத்து ரிப்பின் அகலம் சரியா, குறைக்க வேண்டுமா? நேவி ஷேடை எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள்? மூன்றாவது கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நேவி, கடைக்குள் எரியும் குழல் விளக்கில் வேறு வேறாகத் தெரியும். அதற்காகத்தான் டி65 பகல் வெளிச்சத்துக்கும் டி.எல்.84 கடை வெளிச்சத்துக்கும் தனித்தனி விளக்கு வைத்த பெட்டியில் ஷேடு பார்க்கிறார்கள். பையர் ஜன்னலோரம் பார்த்துச் சொன்ன ஓகேயை நம்பித் துணியைச் சாயம் போட்டால் பின்னால் வம்பு.

சாம்பிள் துவைத்ததா, துவைக்காததா என்பதையும் இந்த மெயிலில் சொல்லிவிட வேண்டும். ஹாம்பர்கிலிருந்து 'நீளம் 3 சென்டிமீட்டர் குறைகிறது' என்று பதில் வருவதாக வைத்துக்கொள்வோம். நம்மிடம் இருக்கும் கவுன்ட்டர் சாம்பிளை அளந்தால் 72 சென்டிமீட்டர், பட்டியலில் இருப்பதும் 72. யார் சொல்வது சரி? கவுன்ட்டர் சாம்பிளைத் துவைத்து, காயவைத்து மறுபடி அளந்தால் 69-க்குப் பக்கத்தில் வருகிறது. துணி நான்கு சதவீதம் சுருங்கியிருக்கிறது. அவர்கள் துவைத்த பிறகு அளந்திருக்கிறார்கள். பேட்டர்னில் நீளத்தைக் கூட்டுவதா, காம்பாக்டிங்கில் சுருக்கத்தைக் குறைப்பதா என்று இனி முடிவு செய்யலாம். மூன்றாவது பீஸ் கையில் இல்லாமல் போயிருந்தால் இந்தச் சண்டை மெயிலிலேயே ஒரு மாதம் ஓடியிருக்கும்.

பதிலே வராவிட்டால்? முதலில் நாளையும் நேரத்தையும் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் ஐரோப்பாவில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். தானாக வரும் விடுமுறை மெயிலில் அவருக்குப் பதிலாக யாரைக் கேட்பது என்று எழுதியிருக்கும், அதை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. கோடையில் நமக்கு மதியம் பன்னிரண்டரை மணி என்றால் ஜெர்மனியில் காலை ஒன்பது. அப்போது போனால் மெயில் மேலே இருக்கும். அதன் பிறகும் மௌனம் என்றால், "இந்தத் தேதிக்குள் கமெண்ட்ஸ் கிடைத்தால் ஏற்கெனவே பேசிய கப்பல் தேதியில் அனுப்பலாம்; பிந்தினால் அத்தனை நாள் தள்ளிப்போகும்" என்று கணக்கை மட்டும் எழுதலாம். சிலர் அதோடு, 'பதில் இல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்' என்றும் சேர்க்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அந்த வரியை நம்பித் துணி வெட்டியவரின் நஷ்டத்தை எந்த பையரும் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை.

கடைசியில் போனிலோ வாட்ஸ்அப்பிலோ 'ஓகே' என்று வந்தாலும் மெயிலில் ஒரு முறை திருப்பி எழுதி உறுதி வாங்க வேண்டும்: "நீளத்தில் சொன்ன திருத்தத்தோடு ஃபிட் சாம்பிள் ஒப்புதல், ஷேடு ஒப்புதல், ரிப் அகலம் அப்படியே. சரிதானா?" இதற்கு ஆம் என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த சாம்பிளுக்குத் துணி வெட்டுவார்கள்.