கார்டிசாலின் கடிவாளம்

உடலுக்கு ஒரு நெருக்கடி நேரும்போது மூளை இரண்டு வழிகளில் எச்சரிக்கை அனுப்புகிறது. முதல் வழி நரம்பு. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதிக்கு அது ஓரிரு நொடிகளில் போய்ச் சேருகிறது. அங்கே ஏற்கெனவே தயாராகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் அட்ரினலின் ரத்தத்தில் கொட்டுகிறது. நெஞ்சு படபடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது வழி ரத்தம். அது நிதானமானது, அதன் விளைவு பல மணி நேரம் நீடிக்கிறது. மன அழுத்தம் மூளையையே மாற்றக்கூடியது என்ற பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியைப் பற்றியது.

அந்த வழி மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் தொடங்குகிறது. அங்குள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை நுண்ணிய ரத்தக் குழாய்களில் விடுகிறது. அது சற்றுக் கீழே, பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியை அடைகிறது. பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற வேறொரு ஹார்மோனைப் பொது ரத்த ஓட்டத்தில் கலக்கிறது. அது அட்ரீனலின் வெளிப்பகுதியைத் தூண்டும்போது கார்டிசால் உண்டாகிறது. இந்த மூன்று உறுப்புகளின் பெயரைச் சேர்த்து ஹைப்போதலாமஸ்–பிட்யூட்டரி–அட்ரீனல் அச்சு என்கிறார்கள், சுருக்கமாக எச்.பி.ஏ. அச்சு. அட்ரினலினைப் போல் கார்டிசாலைச் சேமித்து வைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் கொலஸ்ட்ராலிலிருந்து புதிதாகத் தயாரிக்க வேண்டும். அதனால்தான் அது நொடிகளில் வராமல் நிமிடங்கள் கழித்து வருகிறது.

வந்ததும் அது செய்யும் வேலை அவசரகால நிர்வாகம் போன்றது. கல்லீரலைக் குளுக்கோஸ் தயாரிக்க வைக்கிறது, வீக்கத்தையும் நோய் எதிர்ப்பு வினைகளையும் அடக்குகிறது, வளர்ச்சி, இனப்பெருக்கம் போன்ற நீண்டகால வேலைகளைத் தள்ளிப்போடுகிறது. சில மணி நேரத்துக்கு இது நல்ல ஏற்பாடு.

இதன் கால ஓட்டத்தை ஆய்வகத்தில் பார்க்கலாம். 1993-இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உலகெங்கும் மன அழுத்த ஆய்வில் இன்றும் அதுதான் அளவுகோல். வேலைக்கான நேர்காணலுக்கு வந்தவர்போல் ஒருவர், முன்பின் தெரியாத ஒரு குழுவின் முன் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். குழுவில் யாரும் தலையாட்ட மாட்டார்கள், புன்னகைக்க மாட்டார்கள். பேச்சு முடிந்ததும் எதிர்பாராத ஒரு கணக்கு: 1022-இலிருந்து 13 13-ஆகக் கழித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 1009, 996, 983 என்று போகும்போது ஓர் இடத்தில் தவறினால் மறுபடி 1022. இதுவும் ஐந்து நிமிடம். எந்த உடல் வலியும் இல்லை, ஆபத்தும் இல்லை. ஆனால் பிறர் எடைபோடுகிறார்கள், நிலைமை தன் கையில் இல்லை என்ற உணர்வு மட்டும் போதும். பெரும்பாலோரின் உமிழ்நீரில் கார்டிசால் இரண்டு மூன்று மடங்கு உயர்கிறது. கவனிக்க வேண்டியது நேரம். இதயத்துடிப்பு மேடையிலேயே எகிறிவிடுகிறது. கார்டிசாலோ அந்த மனிதர் அறையை விட்டு வெளியே வந்து பத்து, இருபது நிமிடம் கழித்துத்தான் உச்சத்தைத் தொடுகிறது. பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்குகிறது.

ஏறியதைவிட முக்கியமானது அது இறங்கியதுதான். நெருக்கடி முடிந்துவிட்டது என்பது மட்டும் அதற்குக் காரணமல்ல. கார்டிசால் கொழுப்பில் கரையக்கூடியது என்பதால் எளிதாக மூளைக்குள் நுழைகிறது. தன்னை உண்டாக்கச் சொன்ன ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் அடைந்து அங்குள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, இனிப் போதும் என்று சொல்கிறது. தொட்டி நிறைந்ததும் மிதவை எழுந்து குழாயை மூடுவதைப் போன்ற ஏற்பாடு இது. உடலியலில் எதிர்மறைப் பின்னூட்டம் என்பார்கள். இது இரண்டு வேகங்களில் நடக்கிறது. சில நிமிடங்களிலேயே ஹைப்போதலாமஸ் நரம்பணுக்கள் அமைதியாகின்றன. அதோடு, கார்டிசால் அணுவின் கருவுக்குள் சென்று சி.ஆர்.எச்., ஏ.சி.டி.எச். ஆகியவற்றைத் தயாரிக்கும் மரபணுக்களையே அடக்குகிறது. இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும்.

மிதவை சரியாக வேலை செய்கிறதா என்று மருத்துவர்கள் சோதிக்க முடியும். இரவு 11 மணியளவில் 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுக்கிறார்கள். அது செயற்கையான ஸ்டீராய்டு. பிட்யூட்டரி அதைக் கார்டிசால் என்றே எண்ணி ஏ.சி.டி.எச். சுரப்பை நிறுத்துகிறது. மறுநாள் காலை 8, 9 மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பின்னூட்டம் இயங்குகிறது என்று பொருள். அதற்கு மேல் இருந்தால் அடுத்த கட்டப் பரிசோதனைகள் தேவை. சாதாரணமாக ஒரு நாளில் ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த கார்டிசால் அளவை வைத்து ஒருவருடைய மன அழுத்தத்தைக் கணிக்க முடியாது. விடியலில் உச்சத்திலும் நள்ளிரவில் அடிமட்டத்திலும் இருப்பது அதன் இயல்பு. எந்த நேரத்தில் எடுத்தது என்று தெரியாத எண்ணுக்கு அர்த்தமில்லை. ஸ்டீராய்டு மாத்திரைகளை வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்வதற்கும் இதே பின்னூட்டம்தான் காரணம். வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டால் அச்சு முழுவதும் உறங்கிப்போயிருக்கும். மாத்திரை நின்ற மறுநாளே அட்ரீனலால் விழித்துக்கொள்ள முடியாது. அந்த இடைவெளி உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி இரண்டோடு இந்தக் கடிவாளம் முடிந்துவிடவில்லை. 1968-இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவனும் சக ஆய்வாளர்களும் கதிரியக்க அடையாளமிட்ட கார்டிகோஸ்டிரோனை எலிகளுக்குச் செலுத்தி, அது மூளையில் எங்கே தங்குகிறது என்று பார்த்தார்கள். எலிக்குக் கார்டிகோஸ்டிரோன்தான் மனிதரின் கார்டிசால். அது அதிகமாகச் சேர்ந்த இடம் ஹைப்போதலாமஸ் அல்ல. நினைவுகளை உருவாக்கும் ஹிப்போகாம்பஸ். காதுக்கு உட்புறமாக, மூளையின் இரு பக்கமும் கடற்குதிரை போல் வளைந்து கிடக்கும் பகுதி அது. உடலின் வேதியியலுக்கும் நினைவுக்கும் இவ்வளவு நேரடித் தொடர்பு இருக்கும் என்று அதுவரை பெரும்பாலோர் நினைக்கவில்லை.

ஹிப்போகாம்பஸில் கார்டிசாலுக்கு இரண்டு வகை ஏற்பிகள் உண்டு. ஒன்று கார்டிசாலை ஏறக்குறைய பத்து மடங்கு இறுக்கமாகப் பிடிப்பது. நெருக்கடியே இல்லாத சாதாரண நேரத்தில் ஓடும் சிறிதளவு கார்டிசாலே அதை நிரப்பிவிடும். மற்றது, கார்டிசால் பெருகும்போது மட்டுமே நிரம்புவது. முதல் வகை நிரம்பி இரண்டாவது பாதி நிரம்பிய நிலையில் நினைவு நன்றாகப் பதிகிறது. சற்றே பதற்றமான நாளின் நிகழ்ச்சிகள் நெடுங்காலம் மறக்காமலிருப்பது இதனால்தான். இரண்டாவது வகையும் முழுக்க நிரம்பிவிட்டால் பதிவு குலைகிறது. இதே ஹிப்போகாம்பஸிலிருந்து கிளம்பும் செய்திகள் இடைநிலை நரம்பணுக்கள் வழியாக ஹைப்போதலாமஸை அடக்கவும் செய்கின்றன. இப்பகுதி சேதமான எலிகளில் நெருக்கடிக்குப் பின் ஹார்மோன் இறங்கத் தாமதமாகிறது.

அப்படியானால் நெருக்கடி நாள் தவறாமல் வந்தால் என்ன ஆகும்? மெக்யூவன் குழு எலிகளை நாளுக்கு 6 மணி நேரம், 21 நாட்கள், திரும்பக்கூட முடியாத குறுகிய கூண்டில் அடைத்துப் பார்த்தது. ஹிப்போகாம்பஸின் சி.ஏ.3 என்ற பகுதியில் நரம்பணுக்கள் சாகவில்லை. ஆனால் மரத்தின் நுனிக் கிளைகள் கழிக்கப்பட்டதைப் போல், செய்திகளை வாங்கும் அவற்றின் கிளைகள் குறுகியிருந்தன. கார்டிகோஸ்டிரோன் உற்பத்தியைத் தடுத்தாலும், நரம்பணுக்களைத் தூண்டும் குளுட்டமேட்டின் ஏற்பியைத் தடுத்தாலும் கிளைகள் குறுகவில்லை. ஆகவே கார்டிசால் தனியாக நின்று செய்யும் வேலையல்ல இது. குளுட்டமேட்டின் இடைவிடாத தூண்டலும் கூடச் சேர வேண்டும். நெருக்கடியை நிறுத்தியதும் சில வாரங்களில் கிளைகள் மீண்டும் வளர்ந்தன. பெங்களூரில் சுமந்த்ர சாட்டர்ஜியின் குழு இதில் இன்னொன்றையும் கண்டது. ஹிப்போகாம்பஸில் கிளைகள் குறுகும் அதே எலியின் அமிக்டலாவில், அதாவது அச்சத்தைக் கையாளும் பகுதியில், கிளைகள் நீள்கின்றன. அந்த வளர்ச்சி நெருக்கடி முடிந்து 21 நாட்களுக்குப் பிறகும் மறையவில்லை.

கடிவாளத்தைப் பிடித்திருக்கும் உறுப்பே இப்படிச் சுருங்கினால் கார்டிசால் இன்னும் ஏறும், ஏறினால் உறுப்பு இன்னும் சுருங்கும் என்ற விஷச் சுழலை 1986-இல் ராபர்ட் சபோல்ஸ்கி, மெக்யூவன் முதலியோர் ஒரு கருதுகோளாக முன்வைத்தார்கள். மனிதருக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று குஷிங் நோயாளிகளிடமிருந்து வந்தது. பிட்யூட்டரியில் ஒரு கட்டி ஏ.சி.டி.எச்.-ஐ ஓயாமல் சுரக்க, கார்டிசால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருக்கும் நோய் அது. அவர்களுக்கு நினைவு மங்குகிறது. கார்டிசால் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு ஹிப்போகாம்பஸ் சிறுத்திருப்பதும் தெரிந்தது. 1999-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மோனிகா ஸ்டார்க்மன் குழு சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டது. கட்டியை நீக்கிக் கார்டிசால் இறங்கியபின் ஹிப்போகாம்பஸின் கன அளவு சராசரியாக 3 விழுக்காடும், சிலருக்கு 10 விழுக்காடு வரையும் கூடியிருந்தது. எலியில் கண்டதைப் போலவே இங்கும் இழந்ததில் ஒரு பகுதியாவது மீளக்கூடியது.

ஆனால் குஷிங் நோயில் கார்டிசால் எட்டும் அளவு அன்றாடக் கவலையில் எட்டுவதில்லை. போர் முதலிய கொடுமைகளுக்குப் பின் வரும் பி.டி.எஸ்.டி. என்ற மனக்காய நோயில் ஹிப்போகாம்பஸ் சிறுத்திருப்பது உண்மை. அந்த நோயாளிகள் பலருக்குக் கார்டிசால் கூடுதலாக இல்லை, சிலருக்குக் குறைவாகவே இருக்கிறது. சுழல் கருதுகோளுக்கு இது நேராகப் பொருந்தாத செய்தி. கொடுமை ஹிப்போகாம்பஸைச் சுருக்கியதா, முதலிலேயே சிறியதாக இருந்ததால் கொடுமை ஆழமாகப் பாய்ந்ததா என்று பிரித்தறிய, ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களைத் தேடினார்கள். ஒருவர் வியட்நாம் போருக்குப் போனவர், மற்றவர் போகாதவர். 2002-இல் மார்க் கில்பர்ட்சன் குழு வெளியிட்ட முடிவுகளின்படி, போரில் மனக்காயம் பட்டவரின் ஹிப்போகாம்பஸ் சிறியதாக இருந்தது. போர்முனையைப் பார்க்காத அவருடைய சகோதரருக்கும் அது சிறியதாகவே இருந்தது. போருக்குப் போனவரின் நோய் எவ்வளவு கடுமையோ, அந்த அளவுக்கு ஊரிலேயே இருந்த சகோதரரின் ஹிப்போகாம்பஸும் சிறியதாக இருந்தது.