பத்தி எங்கே முடிகிறது?

எழுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா தேய்ந்துபோனதால், நேராகப் பார்க்கும் இடத்தில் அவருக்கு ஒரு மங்கல் திட்டு. எதிரே இருப்பவரின் தோள் தெரியும், முகம் தெரியாது. ஆனாலும் வாரப் பத்திரிகை படிக்கும் பழக்கத்தை விடவில்லை. செல்போனில் எழுத்தின் அளவைக் கடைசி எல்லைவரை கூட்டிவைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து, மங்கல் திட்டுக்குப் பக்கவாட்டில் எழுத்தைக் கொண்டுவந்து படிக்கிறார். ஏரி தூர்வாருவது பற்றிய கட்டுரை. பாதியில் ஒரு போன் வருகிறது. பேசி முடித்துத் திரும்பினால் திரை முழுக்க எழுத்து, எல்லா வரியும் ஒன்றுபோல. மேலே தள்ளுகிறார், கீழே தள்ளுகிறார். "எங்க விட்டேன்னே தெரியலடா" என்று பேரனிடம் போனை நீட்டுகிறார்.

அவருக்கு எழுத்து தெரியாமல் போகவில்லை. இடம் தெரியாமல் போனது. குறைபார்வை உள்ளவர்களுக்காக எழுதுவது, வடிவமைப்பது என்று பேச்சு வந்தால் எல்லோரும் எழுத்தின் அளவு, நிறம், பின்னணி என்றே போவார்கள். இந்த இரண்டாவது சிக்கல் கண்ணில் படுவதில்லை.

எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கினால் இடம் இரு மடங்கு தேவைப்படும் என்று தோன்றும். உண்மையில் நான்கு மடங்கு. அகலத்திலும் பாதி எழுத்து, உயரத்திலும் பாதி வரி. ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனை எடுத்துக்கொண்டு தோராயமாகக் கணக்குப் போடலாம். திரையின் அகலம் 360 அலகு. இரு ஓரமும் போக 328. எழுத்தளவு 16 என்றால் தமிழில் வரிக்கு ஏறத்தாழ 20 எழுத்து, அதாவது மூன்று சொல். படிக்கக் கிடைக்கும் உயரத்தில் 26 வரி. ஆக ஒரு திரையில் 75 சொல்லுக்கு மேல். எழுத்தை 32 ஆக்கினால் வரிக்கு 10 எழுத்து, திரைக்கு 13 வரி. சொல் என்று எண்ணினால் இருபதைத் தொடுவதே கஷ்டம். 120 சொல் கொண்ட ஒரு பத்தி மற்றவர்களுக்கு ஒன்றரைத் திரை. ஆசிரியைக்கு அது ஆறு திரைக்கு மேல். இடையில் ஒரு வெற்றிடம்கூட இல்லாத ஆறு திரை.

தமிழுக்கு இதில் கூடுதல் பாடு உண்டு. நம் சொற்கள் வேற்றுமையையும் காலத்தையும் தன்மேலேயே ஏற்றிக்கொண்டு நீளுபவை. பத்து எழுத்து வரியில் அவை இப்படித்தான் விழும்:

வறட்சியால்
பாதிக்கப்பட்ட
மாவட்டங்களில்
நிவாரணப்
பணிகளை
மேற்கொள்வதற்காக

ஆறு வரி போயிற்று, திரையில் பாதி. யார், என்ன செய்தார் என்பது இன்னும் வரவில்லை. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். சாதாரண வாசகர் ஒரே பார்வையில் வாக்கியத்தின் முடிவை எட்டிப் பார்த்துவிடுவார். பெரிய எழுத்தில் படிப்பவரோ முடிவு வரும்வரை அத்தனையையும் மனதில் சுமக்க வேண்டும். அதற்குள் திரை நகர்ந்து முதல் சொல் மேலே மறைந்திருக்கும்.

இந்தச் சிக்கலை ஆராய்ச்சியாளர்கள் செல்போன் காலத்துக்கு முன்பே எடுத்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் லெக் என்பவர் 1985 முதல் வாசிப்பும் பார்வையும் பற்றித் தொடராக ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். 1996இல் பெக்மேன் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை உருப்பெருக்கி கொண்டு படிப்பவர்களைப் பற்றியது. 'பக்கத்தில் வழி கண்டுபிடிக்கும் சிக்கல்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எழுத்துகள் தாமாகவே கண்முன் நகர்ந்து வந்தால், ஒரு நேரத்தில் சில எழுத்துகளே தெரிந்தாலும் ஓரளவு வேகமாகப் படித்துவிட முடிகிறது. உருப்பெருக்கியைக் கையால் நகர்த்தி, வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்றால் அது போதுவதில்லை, ஜன்னல் இன்னும் அகலமாக இருக்க வேண்டியிருக்கிறது. எழுத்தை அடையாளம் காண்பது ஒரு வேலை, பக்கத்தில் இடம் பிடிப்பது இன்னொரு வேலை.

கம்ப்யூட்டரில் திரைப் பெருக்கி வைத்துப் படிப்பவரைப் பக்கத்தில் இருந்து கவனித்தால் இது தெரியும். வரியின் வலது முனைவரை போவார். திரும்ப இடது ஓரத்துக்கு வருவார். வந்த இடம் அடுத்த வரியா, படித்த வரியேவா, ஒன்றைத் தாண்டி வந்துவிட்டோமா? முதல் இரண்டு சொல்லைப் படித்துப் பார்த்தால்தான் தெரியும். முப்பது வரிப் பத்தியின் நடுவில் எல்லா வரியும் ஒரே முகம். ஆறு வரிப் பத்தி என்றால் மேலே ஒரு வெற்றுக்கோடு, கீழே பாதியில் நிற்கும் கடைசி வரி. தவறினாலும் நான்கைந்து வரிக்குள்தான் தவறுவார்.

வெற்றிடத்துக்கு இன்னொரு பலம் உண்டு. எழுத்தைப் படிக்க நுண்ணிய பார்வை வேண்டும். கறுப்புப் பட்டை முடிந்து வெள்ளைப் பட்டை தொடங்குவதைக் காண அது தேவையில்லை, மங்கிய பார்வையே போதும். மாகுலா போனவருக்கும் ஓரப் பார்வையில் அது படும். விரலால் திரையை வேகமாகத் தள்ளும்போது எழுத்துகள் கலங்கி ஓடும். இடைவெளிகள் மட்டும் வண்டி ஜன்னலில் மைல்கல் ஓடுவதுபோலத் தெரியும்.

சரி, பக்க அழகு உதவாதா? பெட்டிச் செய்தி, இரண்டு பத்தி அகலத்துக்குப் படம், வண்ணத் துணைத்தலைப்பு, நடுவில் பெரிய எழுத்தில் ஒரு மேற்கோள் என்று வடிவமைப்பாளர் செய்துவைப்பது, தெளிவாகப் பார்ப்பவருக்கு உதவும். ஆனால் அது பெரிய எழுத்து அமைப்பைத் தாண்டி உயிரோடு வருவதில்லை. இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2.1ஆம் பதிப்பு 2018இல் வெளியானது. 1280 புள்ளி அகலத் திரையில் 400 சதவீதம் பெரிதாக்கினாலும், அதாவது 320 புள்ளி அகலத்துக்குள் வந்தாலும், வாசகர் இடமும் வலமும் இழுத்துப் படிக்கும்படி ஆகக்கூடாது என்கிறது அது. இதை நிறைவேற்ற ஒரே வழி, பக்கவாட்டில் இருந்தவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குவது. அடுக்கிய பிறகு பக்கத்தின் அமைப்பு ஏது?

தலைப்புகளின் கதையும் அப்படித்தான். 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14இல் எழுத்தை 200 சதவீதம்வரை பெரிதாக்கலாம். ஆனால் எல்லாம் ஒரே விகிதத்தில் பெரிதாகாது. ஏற்கெனவே பெரிதாக இருக்கும் தலைப்பு குறைவாகவும், சிறிய எழுத்து அதிகமாகவும் வளரும். தலைப்பு திரையைத் தாண்டிப் போகாமல் இருக்க நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அளவைப் பார்த்தே 'இது தலைப்பு' என்று கண்டுகொள்ளும் வசதி அதில் மங்கிவிடுகிறது. உலாவிகளின் வாசிப்புப் பார்வையோ இன்னும் ஒரு படி மேலே போய், ஓரத்துப் பெட்டி, பின்னணி நிறம், பக்க வடிவம் எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிடும். அது தொடாமல் விடுவது பத்திப் பிரிவை. எழுதியவர் எங்கே பிரித்தாரோ அங்கே அது பிரிந்தே நிற்கும்.

அச்சுப் பக்கத்தை அப்படியே படமாக்கித் தரும் மின்னிதழ்கள் தனி ரகம். இரு விரலால் விரித்தால் ஒடுக்கமான செய்தித்தாள் பத்தி ஒன்று திரைக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிடுவதும் உண்டு. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பத்தியின் அடிக்கு வந்ததும், பக்கத்துப் பத்தியின் உச்சிக்குப் போக ஒரு முழப் பயணம். பாதி வழியில் ஏதாவது விளம்பரத்தில் போய் நிற்பார்கள்.

எனவே வேலை எழுதுபவரின் கையில் இருக்கிறது. அந்த ஏரிக் கட்டுரையின் 120 சொல் பத்தியையே எடுத்துக்கொள்ளலாம். ஏரி எப்படித் தூர்ந்தது, பஞ்சாயத்து என்ன முடிவெடுத்தது, எடுத்த வண்டல் எங்கே போனது என்று மூன்று சங்கதி அதில் இருக்கும். காலமோ இடமோ செய்பவரோ மாறும் இரண்டு இடங்களில் வெட்டினால் நாற்பது சொல் வீதம் மூன்று பத்தி. பெரிய எழுத்தில் ஒவ்வொன்றும் இரண்டு திரை. ஒரு இடைவெளி கண்ணை விட்டு மறைந்து சற்று நேரத்தில் அடுத்தது வந்துவிடும்.

வெட்டினால் மட்டும் போதாது. இரண்டாம் பத்தி 'அதனால் அவர்கள் அதை' என்று தொடங்கினால், அந்த 'அவர்கள்' யார், 'அது' எது என்பது மேலே போன திரையில் இருக்கிறது. 'பஞ்சாயத்தார் ஏரியின் வடகரையை' என்று தொடங்கினால் யாரும் திரும்பிப் போக வேண்டாம். போன் பேசிவிட்டு வந்தவரும் எந்தப் பத்தியின் தலையில் கண் விழுந்தாலும் அங்கிருந்தே பிடித்துக்கொள்வார். உதவி ஆசிரியர்கள் 'பெயர் திரும்பத் திரும்ப வருகிறது' என்று அடிக்கும் சிவப்புக் கோட்டை இங்கே கொஞ்சம் தளர்த்தலாம்.

இதை மிகையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். வாக்கியத்துக்கு ஒரு பத்தி என்று கொத்திப் போட்டால் எல்லா இடமும் இடைவெளி. எதுவும் அடையாளம் ஆகாது. நான்கைந்து வெற்றுவரி விட்டு 'காற்றோட்டம்' தருவது அதைவிட மோசம். சாதாரணத் திரையில் விரற்கடை அளவு இடம், நான்கு மடங்கு பெருக்கத்தில் திரையின் பெரும்பகுதி வெள்ளை. கட்டுரை முடிந்துவிட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிடுவார்கள். கண்நீர் அழுத்த நோயில் ஓரப் பார்வை இழந்து, குழாய் வழியே பார்ப்பதுபோலப் பார்ப்பவருக்கு இந்த ஏமாற்றம் அதிகம். அவருக்கு எழுத்தை மிகவும் பெரிதாக்குவதும் உதவாது, குழாய்க்குள் இன்னும் குறைவான எழுத்தே விழும்.

கண் களைத்தால் பலர் கேட்பதற்கு மாறிக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டின் டாக்பேக் இணையக் கட்டுரையை வாசிக்கையில், விரலை ஒருமுறை தள்ளினால் பொதுவாக ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளும். நடுவில் குக்கர் விசில் அடித்து நிறுத்திவிட்டு, வந்து மீண்டும் அந்த இடத்தைத் தொட்டால், பத்தியின் முதல் சொல்லில் இருந்து தொடங்கும். நாற்பது சொல் என்றால் அரை நிமிடத்துக்குள் விட்ட இடம் வந்துவிடும். 300 சொல் பத்தி என்றால், தூர்ந்த ஏரியின் வரலாற்றை ஆசிரியை முதலில் இருந்து இன்னொரு முறை கேட்க வேண்டும். இரண்டாவது விசிலுக்கு மூன்றாம் முறை.