மாடித் தொட்டிக்கு நான்கு நாண்ட் கேட்

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு தானியங்கி மோட்டார் சுவிட்ச் அமைக்க வேண்டும். தொட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு சென்சார், விளிம்புக்குச் சற்றுக் கீழே இன்னொன்று. தண்ணீர் கீழ் சென்சாரை விட்டு இறங்கினால் மோட்டார் ஓட வேண்டும். மேல் சென்சாரைத் தொட்டால் நிற்க வேண்டும். தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போதுதான் கேள்வி எழுகிறது. தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தால் மோட்டார் தொடர்ந்து ஓட வேண்டும். குழாயில் செலவாகி இறங்கிக்கொண்டிருந்தால் ஓடக் கூடாது. ஆகவே மோட்டார் இப்போது ஓடுகிறதா என்பதும் சுற்றுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மேல் சென்சாரை U என்றும் கீழ் சென்சாரை L என்றும் வைத்துக்கொள்வோம். தண்ணீர் தொட்டால் 1, தொடாவிட்டால் 0. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் M என்பது 1. இந்த மூன்றும் சேர்ந்து எட்டு நிலைகள் வரும். எந்தெந்த நிலையில் மோட்டாருக்கு மின்சாரம் போக வேண்டும் என்று எழுதினால் இப்படி ஒரு கோவை கிடைக்கும். எழுத்தை அடுத்து வரும் ' குறி, அதன் எதிர்நிலையைக் குறிக்கிறது.

```
F = U'L'M' + U'L'M + U'LM
```

இதை அப்படியே கட்டினால் மூன்று நாட் கேட், மூன்று ஆண்டு கேட், ஓர் ஆர் கேட் என ஏழு கேட்கள் ஆகும். மூன்று வகை ஐசி வாங்க வேண்டும். இதைச் சுருக்கத்தான் கார்னோ வரைபடம். மாணவர்கள் 'கே மேப்' என்று சொல்வது இதைத்தான். எட்வர்ட் வீச் 1952-இல் வெளியிட்ட ஒரு கட்ட அட்டவணையைத் திருத்தி, பெல் ஆய்வகத்தின் மாரிஸ் கார்னோ 1953-இல் இதைக் கொடுத்தார்.

```
        LM:  00   01   11   10
U = 0         1    1    1    0
U = 1         x    x    0    0
```

மேல்வரியின் வரிசையைக் கவனியுங்கள். 01-க்குப் பிறகு 10 வராமல் 11 வருகிறது. அடுத்தடுத்த இரண்டு கட்டங்களுக்கு இடையே ஒரே ஓர் எழுத்துதான் மாற வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. முதல் இரண்டு கட்டங்களில் M மட்டும் மாறுகிறது. விடை இரண்டிலும் 1. அப்படியானால் M எதுவாக இருந்தாலும் கவலையில்லை, அதைத் தள்ளிவிடலாம். இரண்டும் சேர்ந்து U'L' ஆகிவிடும். இயற்கணிதத்தில் பொதுக்காரணி எடுத்துச் செய்யும் வேலையைக் கண்ணே செய்துவிடுகிறது. வரிசையை 00, 01, 10, 11 என்று பழக்கத்தில் எழுதிவிட்டால் பக்கத்துக் கட்டங்களில் இரண்டு எழுத்துகள் மாறும். அங்கே போடும் வட்டம் தவறான விடையையே தரும்.

இனி அந்த இரண்டு x. மேல் சென்சார் நனைந்திருக்கிறது, கீழ் சென்சார் காய்ந்திருக்கிறது என்ற நிலை அது. தண்ணீர் அப்படி நிற்காது. நடக்காத நிலைக்கு 0 எழுதினாலும் 1 எழுதினாலும் ஒன்றுதான் என்று பாடநூல் சொல்லும். 'டோன்ட் கேர்' என்று அதற்குப் பெயர். வட்டம் பெரிதாக ஆக கோவை சிறிதாகும் என்பதால், x இரண்டையும் 1 என்று எடுத்து இடப்பக்கத்து நான்கு கட்டங்களையும் ஒன்றாக வளைக்கலாம். நடுவில் உள்ள இரண்டு 1-களுக்கு இன்னொரு வட்டம். ஒரே கட்டம் இரண்டு வட்டங்களில் வரலாம், தடையில்லை.

```
F = L' + U'M
```

தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் என் வீட்டுத் தொட்டியில் இதை மாட்ட மாட்டேன். தண்ணீர் அந்த நிலைக்கு வராது என்பது உண்மை, கம்பி வரும். கீழ் சென்சாரின் கம்பி அறுந்தால் L எப்போதும் 0. உடனே L' எப்போதும் 1 ஆகி, மேல் சென்சார் முழுக்க மூழ்கிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மாடியிலிருந்து தண்ணீர் வழிந்து வீணாகும். எனவே இரண்டு x-ஐயும் 0 என்றே எடுக்கிறேன்.

```
F = U'L' + U'M
  = U'(L' + M)
```

ஓர் எழுத்து கூடியிருக்கிறது. மேல் சென்சார் நனைந்தால் வேறு எதையும் பார்க்காமல் மோட்டார் நிற்கும்.

இதை நாண்ட் கேட்களால் மட்டும் கட்டுவோம். இரண்டு உள்ளீடும் 1 என்றால் மட்டுமே நாண்ட் 0 தரும். மற்ற எல்லா நேரமும் 1. எந்தத் தர்க்கக் கோவையையும் இந்த ஒரே செயலால் எழுதிவிடலாம் என்று ஹென்றி ஷெஃபர் 1913-இல் காட்டியிருக்கிறார். நடைமுறையில் இதன் பயன், ஒரே வகை ஐசியில் வேலை முடிவது. 4011 என்ற ஐசிக்குள் நான்கு நாண்ட் கேட்கள் உண்டு.

வழக்கமான முறையில் மாற்றினால் L', U' இரண்டுக்கும் ஒவ்வொன்று, U'L', U'M இரண்டுக்கும் ஒவ்வொன்று, கடைசியில் கூட்டுவதற்கு ஒன்று என ஐந்து கேட் ஆகிறது. ஒன்று அதிகம். அதனால் இரண்டாவது வடிவத்தை எடுக்கிறேன். டி மார்கன் விதிப்படி L' + M என்பது L, M' இரண்டின் நாண்ட். மோட்டார் F சொல்வதைத்தான் செய்கிறது, எனவே M' என்பது F-இன் எதிர்நிலையேதான். அது சுற்றுக்குள்ளேயே கிடைக்கிறது. தனியாக உண்டாக்க வேண்டியதில்லை.

```
G1 = NAND(U, U)
G2 = NAND(L, G3)
G3 = NAND(G1, G2)
G4 = NAND(G3, G3)
```

G4 மோட்டாருக்கு. G2-வும் G3-வும் ஒன்றின் விடையை மற்றொன்றுக்கு ஊட்டுகின்றன. லாட்ச் எனப்படும் நினைவுச் சுற்று இதுதான். நடுமட்டத்தில் முந்தைய நிலையை நினைவில் வைத்திருப்பது இந்த இணைதான். மேல் சென்சாரின் மேல் தண்ணீர் அலையடித்தாலும் மோட்டார் விட்டுவிட்டு ஓடாது. முதல் அலையிலேயே நின்றுவிடும்.

இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. G4-ஐ விட்டுவிட்டு G2-விலிருந்து விடையை எடுத்தால், நான் வேண்டாம் என்று தள்ளிய L' + U'M அப்படியே கிடைக்கும். மற்ற எல்லா நிலையிலும் G2-வும் G4-உம் ஒரே விடையைச் சொல்கின்றன. அந்த x நிலையில் மட்டும் G2 '1' என்கிறது, G4 '0' என்கிறது. இரண்டு கோவைகளும் ஒரே சுற்றின் இரண்டு முனைகள். சும்மா கிடந்திருக்கும் நான்காவது கேட்தான் பாதுகாப்பைத் தருகிறது. கூடுதல் செலவு எதுவுமில்லை.

கட்டும்போது சில விஷயங்கள். L உள்ளீட்டை ஒரு மின்தடை வழியாகப் பூஜ்ய வோல்ட்டுடன் இணையுங்கள். கம்பி அறுந்தால் 0 என்று வாசிக்க வேண்டும். U-வுக்கு மாறாக, அறுந்தால் 1 என்று வாசிக்கும்படி மின்வழங்கல் பக்கம் இணைத்து, தொட்டி நிரம்பாதவரை மூடியிருக்கும் சுவிட்சைப் பயன்படுத்துங்கள். மேல் கம்பி போனால் மோட்டார் ஓடாது, அவ்வளவுதான். கேட்டால் ரிலேவை நேரடியாக இயக்க முடியாது. நடுவில் ஒரு டிரான்சிஸ்டரும் ரிலே சுருளின் குறுக்கே ஒரு டையோடும் தேவை. 7400 ஐசியிலும் நான்கு நாண்ட் கேட்கள்தான், ஆனால் அதன் கால்களின் அமைப்பு வேறு. 4011-க்குப் பதிலாக அப்படியே செருகக் கூடாது. மின்வெட்டு முடிந்து மின்சாரம் வரும்போது தண்ணீர் நடுமட்டத்தில் இருந்தால், லாட்ச் எந்த நிலையில் விழிக்கும் என்று சொல்ல முடியாது. கீழ்த் தொட்டி காலியானதையும் இந்தச் சுற்று அறியாது. அதற்கு இன்னோர் உள்ளீடு வேண்டும்.

மாட்டி முடித்ததும், தொட்டி நிரம்பியிருக்கும்போது கீழ் சென்சாரின் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். மோட்டார் ஓடக் கூடாது. ஓடினால் விடையை G2-விலிருந்து எடுத்திருக்கிறீர்கள். பின்னாளில் தொட்டி ஏறக்குறைய நிறைந்த நிலையிலேயே மோட்டார் அடிக்கடி ஓடி ஓடி நின்றால், கீழ்க் கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.