திர்ஹம் அங்கே, கேக் இங்கே

டிசம்பர் வந்தால் மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கத்து பேக்கரிகளுக்கு வாட்ஸ்அப்பில்தான் பொழுது விடிகிறது. அம்மாவுக்கு பிளம் கேக்கும் பூங்கொத்தும் போய்ச் சேரவேண்டும் என்று துபாயிலிருந்து மகன் கேட்கிறார். கொண்டு சேர்ப்பது பெரிய வேலையில்லை. சர்ச்சுக்குப் பின்னால் கல்ஃப்காரர் வீடு என்றாலே பையன் கண்டுபிடித்துவிடுவான். சிக்கல் காசு வருகிற வழியில்.

ஆர்டர் 2,400 ரூபாய், ஒரு திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 திர்ஹம். கார்டில் கட்டினால், நாணயமாற்றுக்காக அவருடைய வங்கி 3 சதவீதம் எடுத்தால் 103 ஆகிறது. ஆர்டர் ரத்தாகி, கடைக்காரர் 2,400 ரூபாயைத் திருப்பும் நாளில் திர்ஹம் 24.50 ஆகியிருந்தால், அங்கே சேர்வது 98க்கும் சற்றுக் குறைவு. “முழுசா அனுப்பிட்டேன் அண்ணே” என்பார் இவர். “அஞ்சு திர்ஹம் குறையுதே” என்பார் அவர். இரண்டும் உண்மைதான்.

இந்தத் தகராறுக்குப் பயந்துதான் குறுக்குவழி பிறந்தது. “நம்ம மச்சான் தேராவுல இருக்கான். அவன்கிட்ட திர்ஹத்தைக் குடுத்திருங்க, கேக் நாளைக்கே வீட்டுல நிக்கும்.” கமிஷன் இல்லை, காத்திருப்பும் இல்லை. சொந்தக்காரர்களுக்குள் நடக்கிற கொடுக்கல் வாங்கல்தானே, இதில் என்ன தப்பு என்பவர்களும் உண்டு.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வெளிநாட்டில் இருப்பவருக்காக இங்கே பணம் பெறுவதென்றால் அங்கீகாரம் பெற்ற வங்கி, நிறுவனம் வழியாகத்தான் பெறவேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். மீறினால் அந்தத் தொகையைப்போல மூன்று மடங்குவரை அபராதம் விதிக்கலாம். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. மச்சான் அங்கே வாங்கிய திர்ஹத்துக்கு ஈடாக, இங்கே யாரோ முகம் தெரியாத ஆள் கடைக்கணக்கில் ரூபாய் போடுகிறார். அது இணைய மோசடியில் பறித்த பணமாக இருந்தால், புகார் வேறு மாநிலத்தில் பதிவானாலும் முடக்கப்படுவது பேக்கரிக்காரரின் கணக்கு. கிறிஸ்துமஸ் வாரத்தில் மைதாக்காரருக்குக் கொடுக்கக்கூட காசு எடுக்கமுடியாது. ஆர்டர் கொடுத்தவர் பெயரும் பணம் போட்டவர் பெயரும் பொருந்தாததே இந்த ஆபத்தின் முதல் அடையாளம்.

நேர்வழி அவ்வளவு கடினமில்லை. என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு மொபைல் எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்த 2023இல் வழி பிறந்தது. முதலில் அறிவித்த பத்து நாடுகளில் அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உண்டு. பணம் ரூபாயாகவே வருவதால், திருப்பினாலும் ரூபாய்க்கு ரூபாய். வாங்குபவர் வெளிநாட்டில் இருப்பதால் இது ஏற்றுமதி, ஜிஎஸ்டி கிடையாது என்று நினைத்துவிடவேண்டாம். பொருள் நாட்டைவிட்டுப் போகவில்லை. உள்ளூர் விற்பனைக்கான வரியேதான்.

கடைக்காரர்களே, விலையை ரூபாயில் எழுதி, ரத்தானால் ரூபாயில்தான் திரும்பும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மச்சான்மாரை மாமியார் வீட்டு விருந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.