ஆ, ஞே, ஞா: வியட்நாமிய வாக்கியத்தின் கடைசிச் சொல்

வியட்நாமின் கடைகளிலும் கைபேசிச் செய்திகளிலும் நாள்தோறும் புழங்கும் ஒரு வாக்கியம்: ‘ச்சி ச்சோ எம் ச்சுட் ஞே’. ச்சி என்றால் அக்கா. எம் என்றால் தம்பி அல்லது தங்கை. அக்கா, தங்கைக்காகக் கொஞ்சம் காத்திரு என்பதுதான் இதன் நேர்ப்பொருள். அக்கா என்பது வாடிக்கையாளர், தங்கை என்பது கடைக்காரப் பெண். நான், நீங்கள் என்ற சொற்களுக்குப் பதிலாக உறவுப்பெயர்களே நிற்கின்றன. இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவது கடைசியில் உள்ள அந்த ‘ஞே’. அதை எடுத்துவிட்டாலும் தகவல் குறையாது. ஆனால் வாடிக்கையாளரின் முகம் சற்றே மாறும். காத்திருக்கச் சொல்லிவிட்டாள், கேட்கவில்லை என்று அவருக்குத் தோன்றும்.

இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதப் போகிறவருக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இப்படிப்பட்ட கடைசிச் சொற்கள் வியட்நாமியத்தில் ஏராளம். அவற்றில் மரியாதைக்கும் மென்மைக்கும் அதிகம் புழங்குபவை மூன்று: ஆ, ஞே, ஞா. ஞகரம் நம் ஞாயிற்றில் வருகிற அதே ஒலிதான், ஆகவே ஞேயும் ஞாவும் தமிழர் வாய்க்கு எளிது. ஆ அப்படி அல்ல. குரலைத் தாழ்த்தி, தொண்டையிலேயே சட்டென்று வெட்டி நிறுத்த வேண்டும். எழுத்தில் அதற்கு அடையாளம் கீழே ஒரு புள்ளி.

அந்தப் புள்ளி முக்கியம். வியட்நாமியத்தில் ஒவ்வொரு அசைக்கும் அதற்கே உரிய சுருதி உண்டு. ஹனோய்ப் பேச்சில் அப்படி ஆறு சுருதிகள். சுருதி மாறினால் சொல்லே மாறிவிடும். பாட்டியிடம் ‘களைப்பாக இருக்கிறதா’ என்று கேட்கும்போது முடிவில் புள்ளி வைத்த ஆ வந்தால் அது பேரன் பணிவோடு விசாரிப்பது. அதே ஆ வெட்டுப்படாமல் மெல்ல இறங்கி ஒலித்தால் அது வேறொரு சொல், ‘ஓ, களைப்பா?’ என்று தோழனிடம் கேட்கிற தொனி. பெரியவரிடம் அது பொருந்தாது. சுருதிக்குறிகள் இல்லாமல் அவசரத்தில் தட்டிய செய்தியில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மொழிபெயர்ப்பவர் யார் யாருக்கு எழுதியது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாம் குரலை இழைத்தும் ஏற்றியும் காட்டுகிற பல உணர்ச்சிகளை வியட்நாமியர் இந்தச் சொற்களிடம் ஒப்படைத்திருப்பதற்கும் இதுவே ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சுருதி ஏற்கெனவே சொல்லுக்குச் சொந்தமாகிவிட்டதால், பேசுகிறவர் அதை விருப்பம்போல் வளைக்க இடம் குறைவு. பள்ளியில் இவற்றைத் தனி இலக்கண வகையாகவே கற்பிக்கிறார்கள். அதன் பெயர் ‘தின் தாய் து’, பேசுகிறவரின் மனநிலையைக் காட்டும் சொல் என்று பொருள். இலக்கணம் வருவதற்கு வெகு முன்பே வீட்டில் பாடம் தொடங்கிவிடும். உறவுப்பெயரும் ஆவும் இல்லாமல் மொட்டையாகப் பதில் சொல்கிற குழந்தையைப் பெற்றோர் கண்டிப்பார்கள்.

ஆ என்ற சொல்லுக்கு நம்மிடம் ஏறத்தாழ ஒரு நிகர் இருக்கிறது: ‘சரிங்க’, ‘ஆமாங்க’ என்பவற்றில் உள்ள ங்க. இளையவர் மூத்தவரிடமும், ஊழியர் மேலதிகாரியிடமும், விற்பவர் வாங்குபவரிடமும் சொல்வது ஆ. வடக்கில் இது அதிகம். தெற்கே சைகோன் பக்கம், வாக்கியத்தைத் தொடங்கும்போதே ‘யா’ என்று ஒலிக்கும் பணிவுச் சொல்லைப் போட்டுவிடுவார்கள், அதனால் கடைசியில் ஆ வராமலும் போகலாம். ஒத்த வயது நண்பர்களுக்குள் ஆ வரும் ஓர் இடமும் உண்டு. ‘கஷ்டம்தான், நண்பா ஆ’ என்று அழைப்புச் சொல்லின் பின்னால் ஒட்டி வரும்போது அதில் பணிவு இல்லை, மனம்விட்டுச் சொல்கிற நெருக்கம்தான் இருக்கிறது. ஆ கண்ட இடமெல்லாம் மரியாதை என்று எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ‘சர்’ போடுகிறவர் இங்கே முற்றிலும் தவறான உறவைக் காட்டிவிடுவார். மற்ற இடங்களிலும் அது சரியாக அமைவதில்லை. வரிக்கு ஒரு சர் வைத்தால் வீட்டுக் கூடம் ராணுவ முகாம் ஆகிவிடும்.

ஞே வேறு வகை. கேட்பவர் யார் என்பதைவிட, கேட்பவரின் சம்மதமே அதன் கவலை. ‘இப்படி வைத்துக்கொள்வோம், என்ன?’ என்று வாக்கியத்தை எதிராளியின் கையில் கொடுப்பது அது. ஞா அதே வேலையைச் செய்யும் தெற்கத்திச் சொல். இப்போது வடக்கத்தி இளைஞர்களும் செய்திகளில் ஞா என்று எழுதுகிறார்கள், சற்றுக் கூடுதல் கொஞ்சலாக இருக்கிறது என்பதால். தெற்கில் ‘ஙே’ என்றும் முடிப்பதுண்டு. ‘கேள்’ என்ற வினைச்சொல்லும் இதே வடிவம்தான்.

மென்மைச் சொல் என்று பொதுவாகச் சொன்னாலும், ஞேக்குள் மென்மை மட்டுமே இருப்பதாக நினைக்கக் கூடாது. ‘பொய் சொல்லக்கூடாது ஞே’ என்று தாய் சொன்னால் அது எச்சரிக்கை. அங்கேயும் அது சம்மதத்தைத்தான் வாங்குகிறது, மறுக்க இடம் தராத சம்மதம். சம்மதம் கேட்பது என்ற இந்த அடிப்படையைப் பிடித்துக்கொண்டால் ஆங்கிலத்துக்கு வழி தெரியும். மென்மை என்று மட்டும் குறித்துக்கொண்டால் ‘ப்ளீஸ்’ என்ற சொல்லில் போய் முட்டிக்கொள்வோம்.

ப்ளீஸ் கட்டளையைக் கட்டளையாகவே விட்டுவிடுகிறது. ‘ப்ளீஸ் வெயிட்’ என்பது வங்கி இயந்திரத்தின் திரையில் வருகிற வாசகம். ‘ஓகே’ என்பது ஞேயின் பொருளுக்கு இன்னும் அருகில் இருந்தாலும், முன்பின் தெரியாத வாடிக்கையாளரிடம் ‘வெயிட் எ பிட், ஓகே?’ என்றால் குழந்தையிடம் பேசுவதுபோல் ஆகிவிடும். கடைக்காரப் பெண்ணின் வாக்கியத்துக்கு ஆங்கிலக் கடையில் உண்மையில் ஒலிப்பது ‘ஐல் பி ரைட் வித் யூ’. நீங்கள் காத்திருங்கள் என்ற வேண்டுகோள், நான் இதோ வந்துவிடுகிறேன் என்ற வாக்குறுதியாக மாறிவிட்டது. ஞேக்கு நிகராக ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் அடையும் உணர்வு அதேதான். என்னைக் கேட்டால் நல்ல மொழிபெயர்ப்பு என்பது இதுதான்.

அலுவலகக் கடிதங்களில் இந்தச் சிக்கல் பணத்தையும் உறவையும் பாதிக்கிறது. ‘அண்ணா, தம்பிக்காக இதைப் பார்த்து உதவுங்கள் ஆ’ என்று மேலாளருக்கு எழுதும் வழக்கம் ஹனோயில் சாதாரணம். அங்கே ஞே போட்டால் சற்று உரிமை எடுத்துக்கொண்டதாகப் படலாம், ஆ பத்திரமானது. இதையே ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ப்ளீஸ் ஹெல்ப் மீ டு செக்’ என்று வந்துவிடுகிறது. உறவுப்பெயர்களும் ஆவும் உதிர்ந்துபோய், எலும்பாக ஏவல் மட்டும் நிற்கிறது. லண்டனில் அதைப் படிப்பவர் எழுதியவரை முரடர் என்று நினைக்கலாம். ‘குட் யூ டேக் எ லுக் வென் யூ ஹேவ் எ மொமென்ட்?’ என்று எழுதினால் ஆ தன் இடத்தைப் பெற்றுவிடும். கட்டளை கேள்வியாகிறது, வினை ஒரு படி பின்னால் போய் ‘குட்’ ஆகிறது, எப்போது செய்வது என்ற உரிமை படிப்பவர் கையில் போகிறது. ஆங்கிலத்தின் பணிவு பெரும்பாலும் வாக்கியத்தின் தலைப்பகுதியில் இருக்கிறது. வியட்நாமியத்தின் பணிவு வாலில் இருக்கிறது.

ஆங்கில வாலும் வெறுமையாக இல்லை என்பது இன்னொரு வாக்கியத்தில் தெரியும்: ‘ஆன் மோ குவா ஞே’. ஆன் என்றால் அண்ணன். அண்ணன் கதவைத் திற, ஞே. சொல்கிறவர் யார்? தங்கை சொன்னால் ‘நீ திறக்கிறாயா’ என்று பொருள். அண்ணனே சொன்னால் ‘நான் திறக்கட்டுமா’ என்று பொருள். உறவுப்பெயர் நானாகவும் நீயாகவும் நிற்கக்கூடிய மொழியில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம்தான். ஆங்கிலமோ தேர்ந்தெடுக்கக் கட்டாயப்படுத்தும்: தங்கைக்கு ‘வில் யூ’, அண்ணனுக்கு ‘ஷல் ஐ’, இருவரும் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்றால் ‘ஷல் வி’. பேசுகிறவர் யாரென்று தெரியாமல் வசனத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு துணைத்தலைப்பு எழுதுகிறவர்கள் இங்கேதான் அடிக்கடி தடுமாறுவார்கள். திரையில் யார் வாய் அசைகிறது என்று பார்க்காமல் இந்த ஞேயைத் தீர்க்க முடியாது.

ஒரு வீட்டுக் காட்சியை வைத்துப் பார்க்கலாம். பேரன் வெளியே கிளம்புகிறான். ‘பேரன் போகிறேன் ஆ’ என்கிறான். ‘பார்த்துப் போ ஞே. சீக்கிரம் வா ஞே’ என்கிறாள் பாட்டி. ‘வங் ஆ’ என்கிறான், அதாவது சரிங்க. சொல்லுக்குச் சொல் மாற்றினால் இரண்டு ஓகேக்களும் ஒரு ‘எஸ், மேடம்’ என்பதும் வந்து காட்சியைக் கெடுக்கும். இப்படி எழுதலாம்: ‘ஐம் ஆஃப், கிராண்ட்மா.’ ‘மைண்ட் ஹவ் யூ கோ. அண்ட் டோன்ட் பி லேட், வில் யூ.’ ‘ஐ வோன்ட், கிராண்ட்மா.’ பேரனின் ஆ இரண்டு இடத்திலும் பாட்டியை அழைக்கும் சொல்லாகிவிட்டது. ஆங்கிலத்தில் வரிமுடிவில் உறவைச் சொல்லி அழைப்பது, ஆ செய்கிற வேலையைச் செய்யக்கூடியது. பாட்டியின் முதல் ஞே அந்தப் பழகிய சொற்றொடரிலேயே கரைந்துவிட்டது, இரண்டாவது மட்டும் வில் யூ என்று வெளியே தெரிகிறது. இரண்டையும் காட்டியிருந்தால் பாட்டி நச்சரிப்பவளாகியிருப்பாள். துணைத்தலைப்பில் ஒரு வரிக்குப் பொதுவாக 42 எழுத்துகளே இடம் என்பதாலும் இந்தச் சிக்கனம் தேவைப்படுகிறது.

ஞா என்று பாட்டி சொல்லியிருந்தால் அவள் தெற்கத்திக்காரி என்று வியட்நாமியருக்கு உடனே தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் அது போய்விடும். அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சை அவள் வாயில் வைப்பவர்கள் உண்டு. அது மெக்கோங் கரைப் பாட்டியை டெக்சாஸுக்குக் குடிபெயர்ப்பது, செய்யாமலிருப்பதே நல்லது.

எளிதில் விட்டுவிடக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது: ஆ இருக்க வேண்டிய வரியில் அது இல்லாமல் போகும் இடம். அதே பேரன் பிற்பாடு ஒரு சண்டையில் ‘பேரன் போகமாட்டேன்’ என்று மொட்டையாக முடிக்கிறான். வியட்நாமிய ரசிகர் இருக்கையில் நிமிர்ந்து உட்காருவார், அவன் கதவை அறைந்ததற்குச் சமம் அது. ஆங்கிலத்தில் ‘ஐம் நாட் கோயிங்’ என்று எழுதுவது கடினமல்ல. அதுவரை அவன் பாட்டியிடம் எப்படிப் பேசினான் என்பதைப் பொறுத்தே அந்த வரி உறைக்கும். முந்தைய காட்சிகளில் ‘ஐட் ராதர் நாட், கிராண்ட்மா’ என்பதுபோல் சுற்றிவளைத்தும் அழைத்தும் பேசியிருந்தால் மட்டுமே இந்த மூன்று சொற்களில் ஏதோ உடைந்தது தெரியும். முன்பே ஆக்களையெல்லாம் இடமில்லை என்று உதறிவிட்டவரிடம், இப்போது எடுப்பதற்கு எதுவும் இருக்காது. அதனால் அனுபவமுள்ளவர்கள் படத்தை முழுவதும் பார்த்து, ஆ எங்கே விழுகிறது, எங்கே விழாமல் போகிறது என்று குறித்துக்கொண்ட பிறகே முதல் வரியைத் தொடுகிறார்கள்.