நகராத ஃபைல்: பாஸ்போர்ட் விண்ணப்பத்தைப் பின்தொடர்வதும் குறைதீர்ப்பு மனு போடுவதும்

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பவர் கையில் கடைசியில் இரண்டு எண்கள் சேர்ந்திருக்கும். `passportindia.gov.in` தளத்தில் படிவத்தை நிரப்பிப் பணம் கட்டியதும் கிடைப்பது ஏ.ஆர்.என். எனப்படும் விண்ணப்பக் குறிப்பு எண். நேர்காணல் நாளன்று சேவா மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று கவுன்ட்டர்களையும் கடந்து வெளியே வரும்போது தரும் ஒப்புகைச் சீட்டில் இருப்பது ஃபைல் நம்பர். தளத்தின் `Track Application Status` பக்கம் கேட்பது இந்த இரண்டாவது எண்ணையும் பிறந்த தேதியையும்தான். ஏ.ஆர்.என்.னை அங்கே இட்டுப் பார்த்து, விண்ணப்பமே காணாமல் போய்விட்டதென்று பதறுகிறவர்கள் உண்டு. அந்த எண்ணின் வேலை சேவா மையத்து வாசலோடு முடிந்துவிடுகிறது.

ஃபைல் நம்பரில் மொத்தம் 15 இடங்கள். முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் எந்தப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் ஃபைல் என்பதையும், கடைசி இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் காட்டும். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய நான்கு ஊர்களில் மண்டல பாஸ்போர்ட் அலுவலகங்கள் இருக்கின்றன. சொந்த ஊர் அஞ்சலகத்தில் இயங்கும் சேவா மையத்தில் ஆவணம் காட்டியிருந்தாலும் முடிவெடுப்பது இந்த நான்கில் ஒன்றுதான். அஞ்சலக கவுன்ட்டரில் போய், “என் பாஸ்போர்ட் என்ன ஆச்சு?” என்று கேட்பதில் பயனில்லாமல் போவது இதனால்தான்.

நிலையறியும் பக்கத்தில் ஓரிரு வரிகள்தான் வரும். ஆனால் அந்த வரியில் ஃபைல் இப்போது யாரிடம் இருக்கிறது என்பதும், எந்தத் தேதியில் அங்கே போனது என்பதும் அடங்கியிருக்கும். முதன்முறையாகச் சாதாரண முறையில் விண்ணப்பித்தவருக்கு வழக்கமான பாதை இது: சேவா மையத்தில் ஒப்புதல், காவல்துறை சரிபார்ப்புக்கு அனுப்புதல், அறிக்கை வந்தபின் மண்டல அலுவலகத்தின் பரிசீலனை, அச்சிடுதல், ஸ்பீடு போஸ்டில் அனுப்புதல். அச்சுக்குப் போய்விட்டால் பிறகு கவலையில்லை. அனுப்பிய தேதியோடு ஸ்பீடு போஸ்ட் எண்ணும் அந்தப் பக்கத்திலேயே வந்துவிடும். ஃபைல் மாதக்கணக்கில் தூங்குகிற இடங்கள் இரண்டு. ஒன்று காவல்துறை, மற்றொன்று அறிக்கை வந்தபின் நடக்கும் பரிசீலனை.

காவல்துறைக்குள் ஃபைல் போகும் வழியைப் பக்கம் காட்டுவதில்லை. மண்டல அலுவலகம் அனுப்பும் கோரிக்கை மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கு, மாநகரமாக இருந்தால் ஆணையர் அலுவலகத்துக்கு, இணையம் வழியே போகும். அங்கிருந்து காவல் நிலையத்துக்கு இறங்கும். நிலையத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருவார், அல்லது போனில் கூப்பிட்டு ஆவணங்களோடு வரச் சொல்வார். அவர் எழுதும் அறிக்கை மறுபடி எஸ்.பி. அலுவலகம் ஏறி, அங்கிருந்து மண்டல அலுவலகத்துக்குத் திரும்பும். இத்தனை கைமாறலுக்கும் திரையில் இருப்பது, எஸ்.பி.க்கு அனுப்பப்பட்டது என்ற அதே வரிதான்.

திரை சொல்லாததை விண்ணப்பதாரர் வேறு விதமாகக் கண்டுபிடிக்கலாம். காவல் நிலையத்திலிருந்து ஒருவரும் வரவில்லை, போனும் இல்லை என்றால் கோரிக்கை சரியான நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. ஆள் வந்து விசாரித்துக் கையெழுத்தும் வாங்கிப் போனபின்பும் வரி மாறவில்லை என்றால், அறிக்கை நிலையத்திலோ எஸ்.பி. அலுவலகத்திலோ மேலே ஏற்றப்படாமல் கிடக்கிறது. அறிக்கை வந்துவிட்டது, மண்டல அலுவலகம் பரிசீலிக்கிறது என்று வரி மாறி அதோடு நின்றுவிட்டால், அறிக்கை பாதகமானது அல்லது அரைகுறையானது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். இந்த மூன்றாம் நிலையில் காவல் நிலையத்துக்கு நடப்பது வீண். அவர்கள் வேலை முடிந்துவிட்டது. காவல்துறை அறிக்கைக்குப் பாஸ்போர்ட் அலுவலகங்கள் எதிர்பார்க்கும் காலம் 21 நாள். அதற்கு முன் மனு போட்டால் காத்திருக்கச் சொல்லித்தான் பதில் வரும்.

ஒரு கற்பனை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பதாரரின் வீடு தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த மாவட்டம் அது. அவருடைய ஆதார் அட்டை அதற்கு முன்பு எடுத்தது. முகவரியில் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கிறது. படிவத்திலும் அவர் அப்படியே மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வந்த பட்டியலில் பக்கத்து ஊர்க் காவல் நிலையம் ஒன்றைக் குறித்துவிடுகிறார். ஜூன் 3-ஆம் தேதி மதுரை மண்டல அலுவலகத்தின் ஒப்புதல் கிடைக்கிறது. சரிபார்ப்புக் கோரிக்கை திருநெல்வேலி எஸ்.பி. அலுவலகத்துக்குப் போகிறது. வீடு அந்த மாவட்டத்தின் எந்த நிலையத்து எல்லையிலும் இல்லாததால் கோரிக்கை அப்படியே கிடக்கிறது. ஜூன் 24 கடந்தும் வரி மாறவில்லை.

அவர் போய்ச் சேர்கிற இடம் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான `pgportal.gov.in`. சி.பி.ஜி.ராம்ஸ் என்று அழைக்கப்படும் இந்த அமைப்பு 2007-இல் தொடங்கியது. மத்திய அரசின் நிர்வாகச் சீர்திருத்தம் மற்றும் பொதுமக்கள் குறைதீர்ப்புத் துறை இதை நடத்துகிறது. ஆனால் அந்தத் துறை எந்தக் குறையையும் தானே தீர்ப்பதில்லை. மனுவை உரிய அமைச்சகத்துக்கு அனுப்பிக் காலக்கெடுவைக் கண்காணிப்பதோடு சரி. பாஸ்போர்ட் மனு வெளியுறவு அமைச்சகத்துக்குப் போய், கடைசியில் அதே மதுரை அலுவலகத்தில் வந்து இறங்கும். பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்த மனுவும் வேறு எழுத்துகளில் தொடங்கும் பதிவெண்ணோடு இதே குழாய் வழியாகத்தான் வரும்.

விண்ணப்பதாரர் ஜூன் 27 அன்று இப்படி எழுதுகிறார்: “பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்னும் வரவில்லை. உடனே நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.” பத்து நாளில் பதில் வந்து மனு முடித்துவைக்கப்படுகிறது. காவல்துறை அறிக்கை வரவில்லை, எஸ்.பி. அலுவலகத்தை அணுகவும் என்கிறது பதில். எரிச்சல் மூட்டும் பதில்தான், ஆனால் எழுதிய மனுவுக்கு அது பொருத்தமான பதில். பாஸ்போர்ட் ஏன் வரவில்லை என்று கேட்கப்பட்டது, காரணம் சொல்லப்பட்டுவிட்டது. மதுரை அலுவலகம் எதைச் செய்ய வேண்டும் என்று மனுவில் ஒரு சொல்லும் இல்லை.

அதன்பின் அவர் திருநெல்வேலி எஸ்.பி. அலுவலகத்தில் பாஸ்போர்ட் வேலையைப் பார்க்கும் பிரிவில் விசாரிக்கிறார். ஃபைல் நம்பரைச் சொன்னதும் எடுத்துப் பார்த்து, இந்த ஊர் தங்கள் எல்லையில் வராது என்கிறார்கள். சிக்கல் தெளிவாகிவிடுகிறது. தென்காசி எஸ்.பி. அலுவலகத்துக்குப் போயும் பயனில்லை. அங்கே கோரிக்கையே வந்திருக்காது. தவறான மாவட்டத்துக்குப் போனதை விலக்கிச் சரியான மாவட்டத்துக்குப் புதிய கோரிக்கை அனுப்ப வேண்டியது மதுரை மண்டல அலுவலகம். ஆக, காவல்துறையின் தாமதம் என்று முடிக்கப்பட்ட மனுவுக்கான தீர்வு மறுபடி பாஸ்போர்ட் அலுவலகத்தின் கையிலேயே இருக்கிறது.

முடிக்கப்பட்ட மனுவுக்குத் தளம் கருத்துக் கேட்கும். திருப்தியில்லை என்று பதிந்தால் மேல்முறையீட்டுக்கான வழி திறக்கும். மனு முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதைச் செய்துவிட வேண்டும். தொல்லை எதற்கென்று நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு, பிறகு மேல்முறையீட்டைத் தேடிக் காணாமல் திண்டாடுவது சகஜம். மேல்முறையீடு முதலில் பதில் தந்தவரை விட மேலுள்ள அதிகாரி பார்க்க வேண்டியது. 2024 ஆகஸ்டில் வந்த வழிகாட்டுதலின்படி முதல் மனுவுக்கு 21 நாளும் மேல்முறையீட்டுக்கு 30 நாளும் கெடு. முதல் மனுவுக்குக் கூடுதல் காலம் தேவைப்பட்டால் இடைக்காலப் பதிலாவது தர வேண்டும். இந்த முறை அவர் எழுதுவது இது:

“ஃபைல் நம்பர் இன்னது. ஜூன் 3 அன்று சரிபார்ப்புக் கோரிக்கை திருநெல்வேலி எஸ்.பி.க்கு அனுப்பப்பட்டது. என் வீடு தென்காசி மாவட்டக் காவல் எல்லைக்குள் இருக்கிறது; உரிய காவல் நிலையத்தின் பெயர் இது. ஜூலை 9 அன்று திருநெல்வேலி எஸ்.பி. அலுவலகத்தில் இதை உறுதி செய்துகொண்டேன். எஸ்.பி. அலுவலகத்தை அணுகுமாறு சொல்லி என் மனு முடிக்கப்பட்டது. ஆனால் கோரிக்கையைத் தென்காசி எஸ்.பி.க்கு மாற்றி அனுப்புவது மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் பணி. அதைச் செய்து, அனுப்பிய தேதியைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

இதற்கு “காவல்துறையைக் கேளுங்கள்” என்ற பதில் ஒட்டாது. மாவட்டப் பெயரைத் திருத்த ஆவணம் கேட்கப்படலாம். அதற்குள் ஆதாரில் முகவரியைத் திருத்திவைத்திருந்தால் இன்னொரு சுற்று மிச்சம். மண்டல அலுவலகத்தில் நேரில் விசாரிப்பதற்கும் பாஸ்போர்ட் தளத்திலேயே முன்பதிவு உண்டு. மேல்முறையீட்டின் நகலோடு போனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் வேலை எளிது. காரியம் நடந்ததற்கான அடையாளம் திரையில் தெரியும்: சரிபார்ப்பு வரியில் எஸ்.பி. அலுவலகத்தின் பெயரும் தேதியும் மாறியிருக்கும். மாறவில்லை என்றால், “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று பதில் வந்திருந்தாலும் எதுவும் நடக்கவில்லை.

கோரிக்கை சரியான மாவட்டத்துக்கே போய், காவல் நிலையத்தில்தான் தாமதம் என்றால் மனு மாநில அரசைப் பார்த்துத் திரும்ப வேண்டும். வெளியுறவு அமைச்சகத்துக்கு மாநிலக் காவல்துறையின் மேல் அதிகாரமில்லை; நினைவூட்டல் அனுப்புவதைத் தவிர அதனால் எதுவும் ஆகாது. தமிழ்நாட்டில் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் அதன் தளத்திலும் பதியும் மனு மாவட்டக் காவல்துறைக்கு இறங்கும். இங்கேயும் ஃபைல் நம்பர், கோரிக்கை வந்த தேதி, நிலையத்தின் பெயர் மூன்றும் இருந்தால்தான் மனு சுற்றாமல் போய்ச் சேரும்.

பாதகமான அறிக்கை வந்த ஃபைல்களின் கதை வேறு. பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, இந்த முகவரியில் ஆள் இல்லை என்று எழுதிப்போயிருந்தால், குடியிருப்புக்கான சான்றோடு மறு சரிபார்ப்புக் கேட்கலாம். குறைதீர்ப்பு மனுவே அதற்குப் போதும். நிலுவையிலுள்ள குற்ற வழக்கு காரணம் என்றால் மண்டல அலுவலகம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பும். அதற்குரிய பதில் சம்பந்தப்பட்ட நீதிமன்றத்தின் அனுமதி ஆணை. நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரங்களைக் குறைதீர்ப்புத் தளம் எடுத்துக்கொள்வதே இல்லை. பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு உத்தரவு வந்துவிட்டால் 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி தனி மேல்முறையீடு உண்டு.

குறைதீர்ப்புத் தளத்தின் மேல்முறையீட்டுக்கும் வெற்றுப் பதிலே வந்தால் மிச்சமிருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம். `rtionline.gov.in` தளத்தில் 10 ரூபாய் கட்டி, சரிபார்ப்புக் கோரிக்கை எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் போனது, அறிக்கை எப்போது வந்தது, அதில் என்ன எழுதியிருக்கிறது, ஃபைல் இப்போது எந்தப் பதவியிலுள்ளவரிடம் இருக்கிறது என்று கேட்கலாம். பதிலுக்குக் கெடு 30 நாள். மாவட்டக் காவல்துறையிடம் உள்ள விவரம் வேண்டுமென்றால் எஸ்.பி. அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தனியாக எழுத வேண்டும். “ஏன் தாமதம்?” என்று கேட்டால், காரணம் சொல்வது தகவலில் சேராது என்று தட்டிக்கழிக்க இடமுண்டு, பதிவேட்டில் இருக்கும் தேதிகளைக் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது.